டிரெட்மில்லை நிறுத்தியதும் கண் இருட்டுவது ஏன்?

*டாக்டர், எனக்கு வயது 46. ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். சில மாதங்களாகக் காலையில் வெறும் வயிற்றில் காபி மட்டும் குடித்துவிட்டு ஜிம்முக்குப் போகிறேன். டிரெட்மில்லில் 25 நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் 10 கி.மீ. வேகத்தில் ஓடுவேன். போன வாரம் ஓடி முடித்து ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டு, அங்கேயே நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கண் இருட்டி, காது அடைத்து, குப்பென்று வியர்த்தது. டிரெயினர் பிடித்து உட்கார வைத்து குளுக்கோஸ் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் சரியாகிவிட்டது. சுகர் இறங்கியிருக்கும் என்றார். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை, பி.பி.க்கு டெல்மிசார்டன் 40 காலையில் போடுகிறேன். வாட்ச்சில் நாடித்துடிப்பு ஓடும்போது 164, நின்ற ஒரு நிமிடத்தில் 130. துடிப்பு சீக்கிரம் இறங்கினால் இதயம் நன்றாக இருக்கிறது என்று படித்திருக்கிறேன். அப்புறம் ஏன் மெதுவாக இறக்கச் சொல்கிறார்கள்? அப்பாவுக்கு 60 வயதில் மாரடைப்பு வந்தது. நான் பயப்பட வேண்டுமா?*

குளுக்கோஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது உங்களைக் குணப்படுத்தவில்லை. இறங்கிய சர்க்கரை வாய்வழி குடித்த குளுக்கோஸால் ஏறிச் சரியாகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். நீங்களோ டம்ளரைக் காலி செய்வதற்குள் தெளிந்துவிட்டீர்கள். உங்களைச் சரிசெய்தது டிரெயினர் உட்கார வைத்ததுதான். படுக்க வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் தெளிந்திருப்பீர்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுக்காத ஒருவருக்கு 25 நிமிட ஓட்டத்தில் மயக்கம் வரும் அளவுக்குச் சர்க்கரை இறங்குவது அரிது. உங்களுக்கு இறங்கியது இரத்த அழுத்தம்.

அது ஏன் ஓடும்போது இறங்காமல் நின்ற பிறகு இறங்கியது என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இருக்கிறது.

சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகும். நீங்கள் கடைசி ஐந்து நிமிடம் ஓடும்போது இது 15 லிட்டரைத் தாண்டியிருக்கும். அதில் முக்கால் பங்குக்கு மேல் தசைகளுக்கு, முக்கியமாகத் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும். அவ்வளவு இரத்தம் போக வேண்டும் என்பதற்காகக் காலில் உள்ள சிறு தமனிகள் நன்றாக விரிந்துகொடுக்கின்றன. ஜிம் புழுக்கமாக இருந்தால் தோலில் உள்ள குழாய்களும் சேர்ந்து விரியும்.

கீழே போன இரத்தம் மேலே ஏறி வந்தால்தான் இதயம் அடுத்த துடிப்பில் எதையாவது தள்ள முடியும். அதை ஏற்றும் வேலையைப் பெரும்பாலும் செய்வது கால் தசைகள். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் கெண்டைக்கால் தசை இறுகி, உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழிகிறது. சிரைக்குள் ஒருவழி வால்வுகள் இருப்பதால் பிழிந்த இரத்தம் மேலே மட்டும்தான் போகும். தெருமுனை அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள்: அடிக்கிறவரை தண்ணீர் வரும், கையை எடுத்தால் நின்றுவிடும்.

நீங்கள் ஸ்டாப்பை அழுத்தினீர்கள். அந்த நொடியில் பம்பு நின்றது. ஆனால் விரிந்த தமனிகள் உடனே சுருங்கவில்லை. அவை பழைய நிலைக்கு வரப் பல நிமிடம் ஆகும், நல்ல உடற்பயிற்சிக்குப் பிறகு ஓரளவு விரிவு மணிக்கணக்கில்கூட நீடிக்கும். ஆக, காலுக்குள் இரத்தம் தாராளமாகப் போய்க்கொண்டே இருக்கிறது, திரும்பி வருவது மட்டும் குறைந்துவிட்டது. அரை லிட்டர், முக்கால் லிட்டர் என்று அது கீழேயே தேங்கும். இதயத்துக்கு வரும் இரத்தம் குறைந்தால் ஒவ்வொரு துடிப்பும் தள்ளும் அளவு குறைகிறது, அழுத்தம் விழுகிறது. நின்றுகொண்டிருப்பவருக்குத் தலை இதயத்துக்கு ஓரடி மேலே இருக்கிறது. அந்த உயரத்தாலேயே மூளைக்குக் கிடைக்கும் அழுத்தம், பி.பி. எண் கணக்கில், இருபதுக்கு மேல் குறைவு. இதயத்தின் அளவில் தாங்கக்கூடிய வீழ்ச்சி, மூளை அளவில் தாங்க முடியாததாகிவிடுகிறது.

மயக்கத்துக்கு முன்னால் கண் இருட்டுவதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குள் எப்போதும் ஒரு அழுத்தம் இருக்கிறது, சுமார் 15. அதை மீறித்தான் இரத்தம் விழித்திரைக்குள் நுழைய வேண்டும். அதனால் அழுத்தம் விழும்போது மூளைக்கு முன்பே விழித்திரைக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். பார்வை ஓரங்களில் மங்கி, சாம்பல் நிறமாகி, பிறகு இருட்டும். இந்த அறிகுறி வந்த பிறகு உங்களுக்குச் சில நொடிகள்தான் இருக்கின்றன; அதற்குள் உட்கார வேண்டும், அல்லது படுக்க வேண்டும்.

சரி, இப்போது 164, 130.

துடிப்பு வேகமாக இறங்குவது நல்லது என்று நீங்கள் படித்தது சரிதான். 1999இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் மருத்துவர்கள் டிரெட்மில் பரிசோதனைக்கு வந்தவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து ஒரு அளவுகோலைச் சொன்னார்கள். ஓட்டத்தின் உச்சத்திலிருந்து முதல் நிமிடத்தில் 12 துடிப்புக்கு மேல் இறங்காதவர்களுக்கு, பின்னாளில் மரண ஆபத்து கூடுதலாக இருந்தது. உங்களுக்கு 34 இறங்கியிருக்கிறது. மணிக்கட்டு வாட்ச் வேகமாக மாறும் துடிப்பைச் சற்றுத் தாமதமாகக் காட்டும், சில சமயம் தப்பாகவும் காட்டும். ஐந்து பத்து கூடக் குறைய இருந்தாலும் இது நல்ல எண்தான்.

ஆனால் அந்த ஆய்வில் யாரையும் சட்டென்று நிற்க வைக்கவில்லை. உச்சத்துக்குப் பிறகு இரண்டு நிமிடம் டிரெட்மில்லில் மெதுவாக நடக்க விட்டார்கள். அந்த நடையின் முதல் நிமிடத்தில்தான் துடிப்பை அளந்தார்கள். அதாவது வேகமாக இறங்கும் துடிப்பும், படிப்படியாக நடந்து முடிக்கும் கூல் டவுனும் ஒன்றுக்கொன்று எதிரி கிடையாது. 'துடிப்பை மெதுவாக இறக்குங்கள்' என்று டிரெயினர்கள் சொல்லும் வாக்கியமே கொஞ்சம் குழப்புகிறது என்பது என் எண்ணம். துடிப்பை யாரும் பிடித்துவைத்து இறக்க முடியாது. நீங்கள் மெதுவாகக் குறைக்க வேண்டியது கால் வேலையை. கால் வேலை படிப்படியாகக் குறைந்தால் துடிப்பும் அதன் போக்கில் படிப்படியாக இறங்கும். குழாய்கள் சுருங்குவதற்கும் நேரம் கிடைக்கும். எண் வெறும் அடையாளம்.

எண் நல்லதாகவே இருந்து ஆளுக்கு மயக்கம் வரலாம் என்பதற்கு நீங்களே சாட்சி. பயிற்சி நின்றதும் துடிப்பைக் குறைக்கும் நரம்பு (வேகஸ்) வேகமாக வேலைக்கு வருவது ஆரோக்கியம்தான். ஆனால் அதே நேரத்தில் காலில் இரத்தம் தேங்கினால், துடிப்பும் குறைந்து, துடிப்புக்குத் தள்ளும் அளவும் குறைந்து, இரண்டும் சேர்ந்து அழுத்தத்தைக் கவிழ்த்துவிடும். அதனால்தான் நல்ல பயிற்சி உள்ள ஓட்டக்காரர்களும் விழுகிறார்கள். மாரத்தானில் சுருண்டு விழுபவர்களில் பெரும்பாலோர் விழுவது எல்லைக்கோட்டைத் தாண்டி நின்ற பிறகு. பந்தய மருத்துவர்கள் அவர்களைக் கிடத்தி, கால்களைத் தூக்கி வைப்பார்கள். அனேகம் பேர் சற்று நேரத்தில் எழுந்துவிடுவார்கள். கோட்டுக்கு முன்னால், ஓடும்போதே விழுபவரை அவர்கள் அப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கே இதயத் தாளம், வெப்பத் தாக்கு, உப்புக் குறைவு என்று தேடத் தொடங்குவார்கள்.

இந்தப் பிரிவினை உங்களுக்கும் பொருந்தும். நின்ற பிறகு, நின்ற நிலையில் வந்து, உட்கார்ந்ததும் போன தலைசுற்றல் பெரும்பாலும் இரத்தத் தேக்கம்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டினால், நெஞ்சு அழுத்தமோ தாடை, இடது கை வலியோ கூடவே வந்தால், துடிப்பு திடீரென்று தாறுமாறாக ஓடி அதன்பின் மயக்கம் வந்தால், படுத்த பிறகும் சில நிமிடங்களில் தெளியவில்லை என்றால் அது வேறு கதை. அப்படிப்பட்டவர் இதய மருத்துவரைப் பார்க்கும்வரை ஜிம்முக்குப் போகக் கூடாது. நெஞ்சு வலி போகவில்லை என்றால் அன்றே, அப்போதே 108.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டிரெட்மில்லிலிருந்து இறங்கித் தரையில் கால் வைத்ததும், தரை நழுவுவது போலவும் தான் மிதப்பது போலவும் தோன்றும். கண் இருட்டாது, வியர்க்காது. இவ்வளவு நேரம் கால்கள் ஓட, சுவர் மட்டும் அசையாமல் இருந்ததற்கு மூளை பழகிவிட்டது. நிஜத் தரைக்குத் திரும்ப அதற்கு ஓரிரு நிமிடம் வேண்டும். இதற்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. உங்களுக்கு வந்தது இது இல்லை.

அன்று உங்களுக்கு எதிராகப் பல விஷயங்கள் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. இரவு முழுக்கத் தண்ணீர் இல்லை, காலையில் வெறும் காபி. ஈரோட்டு வெயிலில் காலை ஆறு மணிக்கே ஜிம் சூடாகத்தான் இருக்கும். டெல்மிசார்டன் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் மாத்திரை. குழாய்கள் சுருங்க வேண்டிய நேரத்தில் அது சற்றுத் தடுக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலே அந்த 164. உங்கள் வயதுக்கு உச்சத் துடிப்பு தோராயமாக 220-லிருந்து 46 போக 174. நீங்கள் நிறுத்தியது அதில் 94 சதவீதத்தில். மாடி உச்சியில் நின்று ஏணியை உதைத்த மாதிரி என்று எழுத வந்தேன், வேண்டாம், எண்ணே போதும். நடந்துகொண்டிருந்தவர் 110இல் சட்டென்று நின்றால் ஒன்றும் ஆகாது. உச்சத்தில் இருந்தவருக்குத்தான் ஆகும்.

உங்கள் 25 நிமிடத்தை நான் இப்படி மாற்றுவேன். வேக ஓட்டத்தை 19ஆவது நிமிடத்தோடு முடியுங்கள். சரிவு வைத்திருந்தால் முதலில் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 10-லிருந்து 7க்கு இறக்கி ஒரு நிமிடம் மெல்லோட்டம். அடுத்து 5.5இல் இரண்டு நிமிட வேகநடை. இந்த இடத்தில் துடிப்பு 135, 140 அருகே இருக்கலாம், கவலையில்லை. அடுத்த இரண்டு நிமிடம் 4இல் சாதாரண நடை. கடைசி ஒரு நிமிடம் 3இல். அப்போது துடிப்பு 110 வாக்கில் வந்திருக்க வேண்டும்; மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். வரவில்லை என்றால் இன்னும் இரண்டு நிமிடம் நடங்கள். வெயில் காலத்தில் அப்படித்தான் ஆகும், உடல் சூட்டைத் தணிக்கவே இதயம் கூடுதலாகத் துடிக்கும். ஓய்வுநிலைத் துடிப்பான எழுபதுக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள், அது அரைமணி நேரம் ஆனாலும் வராது.

இந்த ஆறு நிமிடங்களில் கைப்பிடியில் சாய்ந்து தொங்காதீர்கள். கால் உங்கள் எடையைத் தாங்கித் தள்ளினால்தான் கெண்டைக்கால் பிழியும்.

வாட்ச்சை நம்பாவிட்டால் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நடந்துகொண்டே எண்ணப் பழகிக்கொள்ளலாம். கழுத்தில் அழுத்திப் பார்க்கும் வழக்கம் பலருக்கு உண்டு. களைத்து நிற்கும் நேரத்தில் அதை நான் சிபாரிசு செய்வதில்லை. அங்கே அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன, அழுத்தினால் துடிப்பும் அழுத்தமும் இன்னும் இறங்கலாம்.

இறங்கிய பிறகும் ஒரு பத்து நிமிடம் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. உடனே குனிந்து கால்விரலைத் தொட்டு வெடுக்கென்று நிமிர்வது, மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமான டம்பெல் தூக்குவது, நேரே போய்ச் சுடுதண்ணீரில் குளிப்பது, மூன்றுமே அழுத்தத்தை விழச் செய்யும். நீட்சிப் பயிற்சிகளைத் தரையில் உட்கார்ந்து செய்யுங்கள். போனை உட்கார்ந்து பாருங்கள். ஜிம்முக்குப் புறப்படும் முன் இரண்டு டம்ளர் தண்ணீரும் ஒரு வாழைப்பழமும் போதும்.

கூல் டவுன் செய்தால் மறுநாள் கால் வலிக்காது என்றும் சொல்வார்கள். ஓடும்போது தசையில் உருவாகும் லாக்டேட் கொஞ்சம் வேகமாக வெளியேறும் என்பது உண்மை, ஆனால் மறுநாள் வலி அதனால் வருவதில்லை. நீங்கள் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது வரும். அதற்காகச் செய்ய வேண்டாம்.

மறுபடி கண் மங்கினால், அல்லது ஜிம்மில் வேறு யாருக்காவது ஆனால்: பெருமை பார்க்காமல் தரையில் மல்லாந்து படுத்து, கால்களை பெஞ்சின் மேல் தூக்கி வைக்க வேண்டும். படுக்க இடமில்லை என்றால் ஒரு காலை இன்னொன்றின் மேல் குறுக்காகப் போட்டுத் தொடையையும் பின்புறத்தையும் இறுக்கிக்கொள்ளலாம், அது சில நொடி வாங்கித் தரும். நம் ஊரில் மயங்குபவரை இருவர் கக்கத்தில் கைகொடுத்து நிமிர்த்தி நிற்க வைப்பார்கள். கருணைதான், ஆனால் செய்யக் கூடாத காரியம் அது. நிற்க வைத்தால் மூளைக்கு இரத்தம் போகாது. அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் குளுக்கோஸோ தண்ணீரோ ஊற்றவும் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். படுக்க வைத்தும் ஒரு நிமிடத்தில் நினைவு திரும்பவில்லை என்றால் மூச்சைப் பாருங்கள், 108 அழையுங்கள். மூச்சு இல்லை, அல்லது வெறும் திணறல்தான் என்றால் நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

பயப்பட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அன்று நடந்ததற்காகப் பயம் தேவையில்லை. ஆனால் 46 வயது, இரத்தக் கொதிப்பு, அப்பாவின் மாரடைப்பு இவற்றை வைத்துக்கொண்டு உச்சத்தில் 94 சதவீதம் ஓடுவதற்கு முன்பே ஒரு பரிசோதனை செய்திருக்க வேண்டும். இன்னும் தாமதமில்லை. திடீரென்று நிற்கும் முதல் சில நிமிடங்களில் இரத்தத்தில் அட்ரினலின் வகைச் சுரப்புகள் குறையாமல் இன்னும் ஏறுகின்றன; விழும் அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க உடல் செய்யும் முயற்சி அது. நல்ல இதயம் அதைத் தாங்கும். இதயக் குழாயில் அடைப்பு இருப்பவருக்கு, குறைந்த அழுத்தமும் கூடிய அட்ரினலினும் சேரும் அந்த நேரம்தான் தாளம் தடுமாற ஏற்ற நேரம். இதயத் தசை தடித்திருப்பவருக்கும், பெருந்தமனி வால்வு சுருங்கியவருக்கும் அப்படித்தான். அவர்களை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால் உங்கள் மருத்துவரிடம் இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்கச் சொல்லுங்கள். அவர் விரும்பினால் டிரெட்மில் பரிசோதனையான டி.எம்.டி.யும். படுத்த நிலையில் ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20க்கு மேல் விழுந்தால் மாத்திரையின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். காலை மாத்திரையைப் பயிற்சிக்குப் பிறகு போடலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அதுவரை ஜிம்முக்குப் போகலாம், ஆனால் ஓட்டம் வேண்டாம், 5.5இல் நடை மட்டும்.

டி.எம்.டி. எடுக்கும்போது ஒன்று கவனிப்பீர்கள். சில இடங்களில் உச்சத்தில் நிறுத்தி நேரே படுக்க வைத்துவிடுவார்கள், கூல் டவுனே இருக்காது. படுத்திருப்பவரின் காலில் இரத்தம் தேங்காது, தவிர இ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்க ஒருவர் பக்கத்திலேயே நிற்பார். அதைப் பார்த்துவிட்டு ஜிம்மில் செய்யாதீர்கள்.